பொருளாளர் இடம் நடுவில் காலியானது: கோ-ஆப்ட் தீர்மானத்தை வங்கி திருப்பிவிட்டது

மயூர்விகார் செயலாளர் | 24 மார்ச் 2025, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். டெல்லியில் ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். ஒரு நூலகமும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் நடத்துகிறோம். செயற்குழுவில் 11 பேர். 2024 செப்டம்பர் 15-ஆம் தேதி நடந்த பொதுக்குழுவில் இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோம்.

எங்கள் பொருளாளருக்கு ஐதராபாத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. மார்ச் 3-ஆம் தேதி கடிதம் கொடுத்தார். மார்ச் 16-ஆம் தேதி செயற்குழு கூடியது. ஆறு பேர் வந்தோம். எங்கள் வகுப்பில் கணக்கு சொல்லித்தரும் ஆசிரியையைக் கோ-ஆப்ட் செய்து, அதாவது தேர்தல் இல்லாமல் குழுவே சேர்த்துக்கொண்டு, பொருளாளராக்கலாம் என்று தலைவர் சொன்னார். எல்லோருக்கும் சம்மதம். வகுப்பு முடிந்து அவரும் அங்கேயே இருந்ததால் கூப்பிட்டு உட்காரவைத்தோம். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினேன்:

"பொருளாளர் ஊர் மாறிச் செல்வதால் அவருக்குப் பதிலாகக் கணக்கு ஆசிரியை அவர்களைப் பொருளாளராக ஏற்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது."

(குறிப்பேட்டில் பெயர் இருக்கிறது, இங்கே தவிர்க்கிறேன்.)

இந்தப் பக்கத்தின் நகலோடு இன்று வங்கிக்குப் போனேன். கணக்கில் கையெழுத்துப் போடுவது செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து. கிளை அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "பழையவர் விலகியதை எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? இவர் செயற்குழு உறுப்பினரா? ஒப்புக்கொண்டாரா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாத முடிவில் நூலகருக்குச் சம்பளம் தர வேண்டும். தீர்மானத்தில் என்ன குறை? எப்படித் திருத்துவது?

துவாரகா குடும்பஸ்தன் | 24 மார்ச், இரவு 10:15

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, அதே தேதியில் விரிவாக இன்னொரு பக்கம் எழுதி ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லோருக்கும் சம்மதம்தானே? ஒரு நாள் வேலை.

பழைய கோப்பு | 24 மார்ச், இரவு 10:52

துவாரகா நண்பரே, தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டின் பக்கத்தை மாற்றுவது பொய்யான ஆவணம் உண்டாக்குவது. வங்கியில் ஒரு நகல் ஏற்கெனவே பார்வைக்குப் போய்விட்டது. நாளைக்குச் சங்கத்தில் ஒரு சச்சரவு வந்தால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்த இரண்டாவது பக்கம்தான். தவறு நடந்தால் நடந்தபடி இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் புதுத் தீர்மானம் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

செயலாளர் அவர்களே, பதில் சொல்வதற்கு முன் உங்கள் துணைவிதிகளில் நான்கு இடங்களை அப்படியே எழுதுங்கள்: ராஜினாமா, இடையில் வரும் காலியிடம், பதவியாளர்களை யார் தேர்ந்தெடுப்பது, கூட்ட அறிவிப்பு. டெல்லியில் பதிவான சங்கம் என்றால் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம்தான் உங்களுக்கு. அந்தச் சட்டம் செயற்குழுவில் காலியிடம் வந்தால் எப்படி நிரப்புவது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நிர்வாகம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அதுதான் நிர்வாகக் குழு என்று 16-ஆம் பிரிவில் சொல்லிவிட்டு, மற்றதை உங்கள் விதிகளுக்கே விட்டுவிட்டது. ஆகவே உங்கள் விதிப்புத்தகம்தான் இங்கே சட்டம்.

செம்பூர் வாசி | 24 மார்ச், இரவு 11:20

மும்பையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் 11 பேரில் ஒருவர் பின் ஒருவராக விலகி நான்கு பேர் மட்டும் மிஞ்சினோம். கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச வருகை இல்லை. அந்த நிலையிலும் மிச்சமிருப்பவர்கள் காலியிடத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்று எங்கள் துணைவிதியில் இருந்தது. அதைப் பயன்படுத்தித்தான் மீண்டோம்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோ-ஆப்ட் செய்யப்பட்டவருக்கு வாக்குரிமை கிடையாது, பதவியாளராகவும் ஆக முடியாது. அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே கணக்கு ஆசிரியையைப் பொருளாளராக்கவே முடியாது. இருக்கும் பத்து பேரில் ஒருவரைப் பொருளாளராக்கிவிட்டு, அவரைச் சாதாரண உறுப்பினராகச் சேருங்கள்.

மயூர்விகார் செயலாளர் | 25 மார்ச், காலை 7:05

செம்பூர் ஐயா சொல்வதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. துணைவிதிகளைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

ராஜினாமா: "பதவி விலக விரும்பும் உறுப்பினர் செயலாளரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். செயற்குழு ஏற்றுக்கொண்டதும் விலகல் நடைமுறைக்கு வரும்."

காலியிடம்: "செயற்குழுவில் பதவிக்காலத்தின் இடையில் ஏற்படும் காலியிடத்தை, எஞ்சியுள்ள உறுப்பினர்கள் சங்க உறுப்பினர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நிரப்பலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவர் அடுத்த ஆண்டுப் பொதுக்குழு வரை பதவியில் இருப்பார்."

பதவியாளர்கள்: "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைச் செயற்குழு தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும்."

அறிவிப்பு: "செயற்குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக, பொருள்நிரலுடன் அறிவிப்பு அனுப்ப வேண்டும்." குறைந்தபட்ச வருகை ஐந்து பேர்.

மார்ச் 16-க்கான பொருள்நிரலில் கணக்கு, சித்திரைப் புத்தாண்டு விழா, இதர விஷயங்கள் என்று மூன்றுதான் போட்டிருந்தேன். ராஜினாமாக் கடிதத்தில் "மார்ச் 31 முதல் விடுவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

பழைய கோப்பு | 25 மார்ச், காலை 11:30

நன்றி. இனிப் பேசலாம்.

முதலில் செம்பூர் நண்பர் சொன்னது. அவர் சொல்லும் விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது வேறு ஒரு இடத்தைப் பற்றியது. 2011-ஆம் ஆண்டின் 97-வது திருத்தத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்காக 243-இசட்ஜே என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அங்கே வங்கி, நிதி போன்ற துறைகளில் அனுபவம் உள்ள இரண்டு பேர் வரை குழுவில் கூடுதலாகக் கோ-ஆப்ட் செய்யலாம், அவர்களுக்குச் சங்கத் தேர்தலில் அந்த முறையில் வாக்கு இல்லை, பதவியாளராகவும் வர முடியாது என்று இருக்கிறது. இடையில் காலியாகும் இடத்தை நிரப்புவது அதே பிரிவில் தனியாக, நியமனம் என்ற பெயரில் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு இந்தத் தடைகள் சொல்லப்படவில்லை. முதலாவது கூடுதல் நாற்காலி. இரண்டாவது, ஒருவர் எழுந்து போன நாற்காலி. நாம் இரண்டையும் "கோ-ஆப்ட்" என்றே சொல்லிப் பழகிவிட்டதால் குழப்பம் வருகிறது. மேலும் மயூர்விகார் சங்கம் கூட்டுறவுச் சங்கமே இல்லை. ஆகவே ஆசிரியை பொருளாளராகலாம், வாக்களிக்கலாம்.

இப்போது உங்கள் தீர்மானம். கிளை அதிகாரி கேட்ட மூன்று கேள்வியும் சரியான கேள்விகள்.

உங்கள் விதிப்படி விலகல், கடிதம் கொடுத்தபோது முடிவதில்லை. குழு ஏற்றுக்கொண்டால்தான் முடிகிறது. மார்ச் 16 குறிப்பில் "ஊர் மாறிச் செல்வதால்" என்று ஒரு காரணம் இருக்கிறதே தவிர, விலகலை ஏற்றோம் என்ற சொல் இல்லை. எனவே அன்று காலியிடமே உண்டாகவில்லை. இல்லாத காலியிடத்தில் ஒருவரை உட்காரவைத்திருக்கிறீர்கள். இன்றைய தேதியில் உங்கள் பொருளாளர் பழையவர்தான்.

இதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அவர் இன்னும் பொருளாளர் என்பதால், ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் நூலகரின் மார்ச் மாதச் சம்பளக் காசோலையில் அவரே கையெழுத்துப் போடலாம்.

அடுத்தது, நீங்கள் இரண்டு காரியத்தை ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டீர்கள். காலியானது செயற்குழு உறுப்பினர் என்ற இடம். பொருளாளர் என்பது குழு தன் உறுப்பினர்களிடையே ஒருவருக்குத் தரும் பொறுப்பு. வெளியில் இருப்பவரை நேராகப் பொருளாளராக ஏற்க உங்கள் விதியில் வழி இல்லை. முதலில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதன் பிறகு தனித் தீர்மானத்தில் பொருளாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொருள்நிரலிலும் இது வரவில்லை. வராத ஐந்து பேரில் ஒருவர், "புதியவரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்று சொன்னால் பதில் இல்லை. "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் ஒரு நபரை நியமிப்பது எப்போதும் பலவீனமானது.

ஆர்.கே.புரம் தென்றல் | 25 மார்ச், மதியம் 1:10

எங்கள் மகளிர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். தேர்தலில் தோற்றவர்களில் அதிக வாக்கு வாங்கியவரைத்தான் காலியிடத்தில் சேர்க்க வேண்டும். உறுப்பினர்கள் ஏற்கெனவே அவருக்கு வாக்களித்திருக்கிறார்கள். குழு தனக்குப் பிடித்தவரைச் சேர்த்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய கோப்பு | 25 மார்ச், மதியம் 1:45

தென்றல் அம்மா, உங்கள் விதியில் அப்படி எழுதியிருந்தால் கட்டாயம் அப்படித்தான். எழுதவில்லை என்றால் அவருக்கு உரிமை எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்லும் நியாயத்தை மதிக்கிறேன். தேர்தல் நடந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றால், நானாக இருந்தால் முதலில் அவரிடம்தான் கேட்பேன். மயூர்விகாரில் போட்டி நடந்ததா?

மயூர்விகார் செயலாளர் | 25 மார்ச், மாலை 6:20

போட்டி இல்லை ஐயா. 11 இடத்துக்கு 11 மனுக்கள்தான் வந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், மனது கேட்கவில்லை. மார்ச் 16 அன்று ஆசிரியை உட்கார்ந்த பிறகு புத்தாண்டு விழாவுக்கு மண்டபம் எடுப்பதா, வகுப்பு முற்றத்திலேயே நடத்துவதா என்று வாக்கெடுத்தோம். மண்டபத்துக்கு ஆதரவாக நான்கு, எதிராக மூன்று. அந்த நான்கில் ஒன்று ஆசிரியையின் வாக்கு.

துவாரகா குடும்பஸ்தன் | 25 மார்ச், மாலை 6:50

அவர் நல்ல எண்ணத்தில்தானே வாக்களித்தார்? கூட்டத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. விட்டுவிடலாம்.

முந்தைய பதிவுக்கு வருந்துகிறேன். பக்கத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பழைய கோப்பு | 25 மார்ச், இரவு 8:30

நல்ல எண்ணத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அன்று உறுப்பினர் இல்லை என்றால் வாக்கு மூன்றுக்கு மூன்று. தலைவருக்கு முடிவு வாக்கு உண்டா என்று உங்கள் விதியில் பாருங்கள். இருந்தாலும் அன்று அவர் அதைப் பயன்படுத்தவில்லை, இப்போது பயன்படுத்தவும் முடியாது. முன்பணம் கட்டியாகிவிட்டதா?

மயூர்விகார் செயலாளர் | 25 மார்ச், இரவு 8:41

இல்லை. காசோலை எழுத முடியாததால் கட்டவில்லை. முடிவு வாக்கு பற்றி விதியில் எதுவும் இல்லை.

பழைய கோப்பு | 25 மார்ச், இரவு 9:05

கட்டாதது நல்லதாயிற்று. மண்டப விஷயத்தை அடுத்த கூட்டத்தில் புதிதாக வையுங்கள்.

கணக்கு ஆசிரியை | 26 மார்ச், மாலை 5:15

இங்கே பேசப்படுபவர் நான்தான். செயலாளர் இணைப்பு அனுப்பியதால் படித்தேன்.

மார்ச் 16 அன்று என்னைக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. வாக்கெடுப்பில் கையைத் தூக்கும்போது எனக்கு உரிமை உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பொறுப்பை ஏற்க விருப்பம் இருக்கிறது. ஆனால் ஒரு கவலை. பணப்பெட்டியைச் சென்ற ஞாயிறு திறந்து காட்டினார்கள். இரசீதுப் புத்தகம் ஒன்று 401 முதல் 500 வரை. 437 வரை கிழிக்கப்பட்டிருக்கிறது. 419-ஆம் எண்ணின் அடிக்கட்டை வெறுமையாக இருக்கிறது. இரத்து என்றும் எழுதவில்லை. இது யாருடைய தவறும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நான் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றால் அதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? "கணக்கு சரியாக இருந்தால் மட்டும் ஏற்கிறேன்" என்று எழுதித் தரலாமா?

பழைய கோப்பு | 26 மார்ச், இரவு 7:50

அம்மா, அடிக்கட்டையைப் பார்த்த உங்கள் கண்ணே போதும், சங்கம் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

ஏற்புக் கடிதத்தில் "சரியாக இருந்தால்" என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால், நீங்கள் எந்தத் தேதியில் உறுப்பினர் ஆனீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கு சரி என்று யார், எப்போது தீர்மானிப்பது? அதுவரை நீங்கள் உள்ளேயா, வெளியேயா? ஏற்பு என்றால் "ஏற்கிறேன்" என்று மட்டும் இருக்க வேண்டும்.

உங்கள் கவலைக்கு வேறு காகிதம் இருக்கிறது. ஒப்படைப்புப் பட்டியல். கையில் உள்ள ரொக்கம், வங்கிப் பாஸ்புத்தகத்தில் அன்றைய இருப்பு, காசோலைப் புத்தகத்தில் மிச்சமுள்ள எண்கள், இரசீதுப் புத்தகத்தில் கடைசியாகப் பயன்படுத்திய எண். அதிலேயே "419 அடிக்கட்டை வெறுமையாக உள்ளது, இரத்துக் குறிப்பு இல்லை" என்று எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திடுங்கள். செயலாளர் சாட்சி. அதற்கு முந்தைய நாள் வரை யார் பொறுப்பு என்பதில் பிறகு சந்தேகம் வராது. அவர் 31-ஆம் தேதிக்குள் கிளம்புகிறார் என்றால் பட்டியலை இப்போதே தயாரித்து, கையெழுத்து வாங்கிச் செயலாளரிடம் வைத்துக்கொள்ளலாம். பொறுப்பேற்கும் அன்று நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

நெய்வேலிக்காரன் | 27 மார்ச், காலை 9:00

ஏழாம் படிவத்தை மறந்துவிட்டீர்கள். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்கு அந்தப் படிவத்தில் தெரிவிக்காவிட்டால் தீர்மானமே செல்லாது.

பழைய கோப்பு | 27 மார்ச், காலை 10:20

அந்தப் படிவம் தமிழ்நாட்டுக்கு உரியது. அங்கே 1975-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, படிவங்களும் அதன் கீழ் வருபவை. டெல்லியில் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கேட்பது, ஆண்டுப் பொதுக்குழு நடந்த பதினான்கு நாளுக்குள் நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியல். ஆண்டுக்கு ஒருமுறை. நடுவில் ஒரு உறுப்பினர் மாறியதை அதே மூச்சில் தெரிவித்தால்தான் தீர்மானம் செல்லும் என்று அங்கே இல்லை. இருந்தாலும் வங்கி புதிய குழுப் பட்டியல் கேட்கும் என்பதால், தலைவரும் செயலாளரும் சான்றளித்த பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பதிவாளருக்கும் ஒரு நகலுடன் கடிதம் அனுப்பிவிட்டால் கோப்பு முழுமையாக இருக்கும்.

ஆர்.கே.புரம் தென்றல் | 27 மார்ச், மதியம் 12:30

ஆசிரியை சந்தா கட்டியிருக்கிறாரா? எங்கள் குழுவில் இப்படித்தான் ஒருவரைச் சேர்த்துவிட்டுப் பிறகு சந்தா பாக்கி என்று தெரிந்து பெரிய மனக்கசப்பு ஆனது.

கணக்கு ஆசிரியை | 27 மார்ச், மாலை 4:40

2023-இல் சேர்ந்தேன். 2024-25-க்கான சந்தா ஏப்ரல் 1-ஆம் தேதியே கட்ட வேண்டியது. மறந்துவிட்டேன். மார்ச் 20-ஆம் தேதிதான் கட்டினேன். இரசீது எண் 436.

பழைய கோப்பு | 27 மார்ச், மாலை 6:15

தென்றல் அம்மா கேட்டது முக்கியமான கேள்வி, நான் கேட்டிருக்க வேண்டும். 15-ஆம் பிரிவின்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கும் இல்லை, அவர் உறுப்பினராக எண்ணப்படுவதும் இல்லை. மார்ச் 16 அன்று இவருக்குப் பதினோரு மாதத்துக்கு மேல் பாக்கி. "இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகளில்" என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது, செயற்குழுக் கூட்டம் அதில் அடங்குமா என்று வாதிடலாம். வாதிடும் நிலைக்கே போக வேண்டாம். இப்போது பாக்கி இல்லை. ஏப்ரல் 1 பிறந்ததும் புதிய ஆண்டுச் சந்தாவையும் கட்டி இரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் ஏப்ரல் 6, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். நாளைக்கே, மார்ச் 28 அன்று, அறிவிப்பு போகட்டும். பொருள்நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள்: பொருளாளரின் விலகல், காலியிடத்தை நிரப்புதல், பொருளாளர் தேர்வு, வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றம், புத்தாண்டு விழா இடம். தீர்மானங்களுக்கு ஒரு வரைவு தருகிறேன். பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"தீர்மானம் 1. பொருளாளரும் செயற்குழு உறுப்பினருமான திரு. ... அவர்கள் 3.3.2025 தேதியிட்டு அளித்த விலகல் கடிதம் குழுவின் முன் வைக்கப்பட்டது. அவரது விலகல் இன்று முதல் ஏற்கப்படுகிறது. இதனால் செயற்குழுவில் ஓர் உறுப்பினர் இடம் காலியாகிறது. 16.3.2025 கூட்டத்தில் இது குறித்துப் பதிவான முடிவு, விலகல் ஏற்கப்படும் முன் எடுக்கப்பட்டதால், அதன்படி நடவடிக்கை எதுவும் எடுக்கப்படமாட்டாது.

தீர்மானம் 2. துணைவிதி ...-இன்படி, மேற்கண்ட காலியிடத்தில் சங்க உறுப்பினர் திருமதி ... (உறுப்பினர் எண் ...) அவர்களைச் செயற்குழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதெனத் தீர்மானிக்கப்படுகிறது. அவர் எழுத்து மூலம் ஏற்றுக்கொள்ளும் நேரம் முதல் அடுத்த ஆண்டுப் பொதுக்குழு வரை பதவியில் இருப்பார். முன்மொழிந்தவர் ... வழிமொழிந்தவர் ... ஆதரவு ... எதிர்ப்பு ..."

இது நிறைவேறும்போது ஆசிரியை அறைக்கு வெளியே இருக்கட்டும். பிறகு அவரை அழைத்து ஏற்புக் கடிதத்தை வாங்குங்கள்:

"செயலாளர் அவர்களுக்கு. 6.4.2025 அன்று செயற்குழு நிறைவேற்றிய தீர்மானம் 2-இன்படி என்னைச் செயற்குழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதை அறிந்தேன். அப்பொறுப்பை ஏற்கிறேன். சங்கத்தின் துணைவிதிகளைப் படித்திருக்கிறேன், அவற்றுக்குக் கட்டுப்படுவேன். 2025-26 சந்தாவை இரசீது எண் ...-இன்படி செலுத்தியுள்ளேன். கையெழுத்து, தேதி, நேரம்."

"ஏற்புக் கடிதம் பெறப்பட்டது, உறுப்பினர் காலை இத்தனை மணி முதல் கூட்டத்தில் பங்கேற்றார்" என்று குறிப்பேட்டில் எழுதி, வருகைப் பதிவில் அவர் கையெழுத்திடட்டும். அந்த நொடி முதல் அவருக்கு வாக்கு உண்டு. மூன்றாவது தீர்மானத்தில் அவரைப் பொருளாளராகத் தேர்ந்தெடுங்கள். நான்காவதில் பழையவரின் கையெழுத்து அதிகாரத்தை நீக்கி, புதியவருக்குத் தந்து, செயலாளரும் பொருளாளரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்பதைத் திரும்பவும் எழுதுங்கள். நீக்குவதை எழுதாமல் சேர்ப்பதை மட்டும் எழுதினால் வங்கி மீண்டும் திருப்பும்.

செம்பூர் வாசி | 27 மார்ச், இரவு 9:30

கூடுதல் நாற்காலி, காலி நாற்காலி வித்தியாசம் புரிந்தது, நன்றி. ஒரு சந்தேகம். "அடுத்த ஆண்டுப் பொதுக்குழு வரை" என்கிறீர்கள். குழுவின் காலம் 2026 செப்டம்பர் வரை. ஆனால் 2025 செப்டம்பர் பொதுக்குழுவோடு ஆசிரியையின் இடம் முடிந்துவிடுமா?

பழைய கோப்பு | 27 மார்ச், இரவு 9:55

முடிந்துவிடும். மிச்சமுள்ள ஓராண்டுக்குப் பொதுக்குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரே திரும்பவும் வரலாம். அந்தப் பொதுக்குழுவின் பொருள்நிரலில் இதைச் சேர்க்கச் செயலாளர் இப்போதே குறித்துவைக்கட்டும்.

செம்பூர் வாசி | 27 மார்ச், இரவு 10:02

பொதுக்குழு தள்ளிப்போனால்? செப்டம்பரில் நடக்க வேண்டியது டிசம்பரில் நடந்தால், அந்த மூன்று மாதம் அவர் பொருளாளரா இல்லையா?

பழைய கோப்பு | 27 மார்ச், இரவு 10:20

இதில் இரண்டு விதமாகவும் வாதிடக் கேட்டிருக்கிறேன். பொதுக்குழு நடக்கும் நாள் வரை என்பது ஒன்று. நடந்திருக்க வேண்டிய கடைசி நாள் வரைதான், இல்லாவிட்டால் குழு பொதுக்குழுவையே கூட்டாமல் தன் ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆனால் உங்கள் விதியின் சொற்கள் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

கரோல்பாக் அண்ணாச்சி | 28 மார்ச், காலை 8:15

எங்கள் சங்கத்தில் பொருளாளரைப் பொதுக்குழுவே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. "காலியிடத்தைச் செயற்குழு நிரப்பலாம்" என்ற வரி எங்களிடமும் இருக்கிறது. அப்படியானால் செயற்குழு பொருளாளரையும் நியமிக்கலாமா, உறுப்பினர் இடத்தை மட்டுமா?

பழைய கோப்பு | 28 மார்ச், காலை 10:40

அண்ணாச்சி, "செயற்குழுவில் காலியிடம்" என்று மட்டும் இருந்தால், பதவியும் அதில் அடங்கும் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். பொதுக்குழு தந்த பதவியைச் செயற்குழு தருவது கேள்விக்கு இடமானது. குழு உறுப்பினர் ஒருவரைப் பொருளாளர் பணியைத் தற்காலிகமாகக் கவனிக்கச் சொல்லிவிட்டுச் சிறப்புப் பொதுக்குழு கூட்டுவது பாதுகாப்பு. உங்கள் விதி வாசகத்தைத் தனி இழையில் போடுங்கள், பலரும் பார்க்கட்டும்.

மயூர்விகார் செயலாளர் | 7 ஏப்ரல், இரவு 8:30

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று எட்டுப் பேர் வந்தார்கள். விலகலை ஏற்றோம். ஆசிரியையைச் சேர்க்கும் தீர்மானத்துக்கு ஏழு பேர் ஆதரவு, ஒருவர் நடுநிலை. ஒருமனதாக என்று எழுதத் தலைவர் சொன்னார். நடுநிலை வகித்தவரே, "நடந்ததை எழுதுங்கள்" என்றார். அப்படியே எழுதினேன். 11:20-க்கு ஆசிரியை ஏற்புக் கடிதம் கொடுத்து உள்ளே வந்தார். அதன் பிறகு அவரைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தோம்.

419-ஆம் இரசீதின் கதையும் தெரிந்தது. பழைய பொருளாளர் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டில் தேடியபோது மூல இரசீது கிடைத்தது. பெயர் தவறாக எழுதியதால் கிழித்துவைத்துவிட்டு அடிக்கட்டையில் குறிக்க மறந்திருக்கிறார். அதை அடிக்கட்டையோடு ஒட்டி, இரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒப்படைப்புப் பட்டியலிலும் அந்த வரி இருக்கிறது. நூலகருக்கும் அவர் கையெழுத்திட்ட காசோலை போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்று வங்கியில் நான்கு தீர்மானங்களின் சான்றளித்த நகல், ஏற்புக் கடிதம், புதிய குழுப் பட்டியல், ஆசிரியையின் பான், ஆதார் நகல்கள், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

மண்டபத்தை மீண்டும் வாக்குக்கு வைக்க நேரமில்லாமல் போயிற்று. நாங்கள் கேட்ட தேதி வேறு யாருக்கோ போய்விட்டது. விழா முற்றத்தில்தான்.

துவாரகா குடும்பஸ்தன் | 7 ஏப்ரல், இரவு 9:10

நடுநிலை வகித்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று சொன்னாரா?

மயூர்விகார் செயலாளர் | 7 ஏப்ரல், இரவு 9:25

சொன்னார். ஆசிரியை மேல் அவருக்கு நல்ல மதிப்பு. ஆனால் காலியிடத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் அறிவித்து விருப்பம் கேட்டிருக்க வேண்டும், குழுவுக்குத் தெரிந்தவரை மட்டும் கேட்டது சரியல்ல என்றார். விதியில் அப்படி இல்லை. செப்டம்பர் பொதுக்குழுவில் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆர்.கே.புரம் தென்றல் | 7 ஏப்ரல், இரவு 9:40

அந்தத் திருத்தத்தின் வாசகம் எழுதும்போது இங்கே போடுங்கள். எங்கள் குழுவுக்கும் வேண்டும்.